பத்து நாள் வேலையும் பதினெட்டு நாளும்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு ஆண்டுகளாகக் கட்டுரைகளை மொழிபெயர்த்துவருகிறேன். பத்து நாளில் தருகிறேன் என்று மனமறிந்துதான் சொல்கிறேன், ஆனால் பதினெட்டு நாளாகிவிடுகிறது. நான் சோம்பேறி அல்ல. இத்தனை ஆண்டு அனுபவம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் எனக்கு எதையும் கற்றுத்தரவில்லை?

ஒரு வாசகி

அன்புள்ள நண்பருக்கு,

இதற்கும் சோம்பலுக்கும் தொடர்பில்லை. 1979இல் டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இந்தப் பிழையை அடையாளம் கண்டு எழுதினார்கள். பின்னர் ரோஜர் ப்யூலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இளங்கலை ஆய்வேட்டை எழுதி முடிக்கும் கட்டத்திலிருந்த 37 மாணவர்களிடம் இன்னும் எத்தனை நாளாகும் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். எல்லாமே மிக மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்குச் சொன்னது ஏறத்தாழ 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். நான் மீண்டும் மீண்டும் யோசிப்பது அந்த இரண்டாவது எண்ணைப் பற்றித்தான். மோசமானதை நினைத்துச் சொல்லுங்கள் என்று கேட்ட பிறகும் அவர்களால் உண்மையை எட்ட முடியவில்லை.

காரணம், நாம் நாளைக் கணக்கிடும்போது வேலையை ஒரு கதையாக மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறோம். நாற்பது பக்கம், நாளுக்கு நான்கு பக்கம், ஆகவே பத்து நாள். அந்தக் கதையில் நீங்கள் மேசையில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். ஒரு கலைச்சொல்லுக்காகப் பாதிநாள் தேடுவதும், மூல ஆசிரியருக்குச் சந்தேகம் கேட்டு எழுதிவிட்டு மூன்று நாள் காத்திருப்பதும், பதினேழாம் பக்கத்தில் ஒரு சொல்லை மாற்றியதால் முதல் பதினாறு பக்கங்களையும் திரும்பத் திருத்துவதும் அதில் வருவதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் நடந்தே தீரும் என்று சொல்ல முடியாது என்பதால் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறோம். ஆனால் இவற்றில் ஏதேனும் ஒன்றிரண்டாவது நடக்காமல் ஒரு கட்டுரை முடிவது மிக அரிது.

அனுபவம் ஏன் உதவவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கடந்த முறை தாமதமானதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு தனிக் காரணம் இருந்ததால், அதை விதிவிலக்கு என்று நாம் ஒதுக்கிவைத்துவிடுகிறோம். மற்றொன்று, மைக்கேல் ராயும் அவருடன் ஆய்வுசெய்தவர்களும் 2005இல் வாதிட்டதுபோல, முடிந்துபோன வேலைக்கு ஆன காலமே நம் நினைவில் சுருங்கிவிடுகிறது. பதினெட்டு நாள் ஆனது பதின்மூன்றாக நினைவிலிருந்தால், எவ்வளவு நேர்மையாக நினைவுகூர்ந்தாலும் கணக்கு தவறும். ஆகவே நினைவை நம்பாமல் எழுதிவைத்த பதிவைத்தான் நம்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என் நோட்டில் ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு எண்கள் இருக்கின்றன: நான் முதலில் சொன்ன நாள், உண்மையில் ஆன நாள். இரண்டாவதை முதலாவதால் வகுத்துவைப்பேன். கடைசி ஒன்பது கட்டுரைகளின் விகிதங்களை ஏறுவரிசையில் எழுதினால் 1.0, 1.2, 1.3, 1.5, 1.6, 1.8, 2.0, 2.2, 4.0 என்று வருகின்றன. நடுவில் நிற்பது 1.6. அடுத்த கட்டுரைக்குப் பத்து நாள் என்று எனக்குத் தோன்றினால், அதை 16 நாள் என்று கொள்கிறேன். ஆனால் அது ஏறக்குறைய பாதி வாய்ப்புள்ள தேதி மட்டுமே. பிறருக்கு வாக்குக் கொடுக்கும்போது, ஒன்பதில் எட்டு கட்டுரைகள் 2.2க்குள் முடிந்திருப்பதால் 22 நாள் என்று சொல்கிறேன். சராசரியை எடுக்காததற்குக் காரணம், அந்த ஒரே 4.0 அதை 1.8க்கு மேல் இழுத்துவிடும் என்பதே. அதற்காக அந்த 4.0ஐ அடித்துவிடக் கூடாது. அந்தக் கட்டுரையில் மூலப் பிரதியே பாதியில் மாறியது, அப்படி மீண்டும் நடக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. விகிதம் தெரிந்துவிட்டபின் நம் மனம் முதல் மதிப்பீட்டையே ரகசியமாகக் கூட்டிச் சொல்லத் தொடங்கும். பத்து என்று தோன்றியதைப் பதினான்கு என்று எழுதி, அதையும் 1.6ஆல் பெருக்கினால் 22க்கு மேல் போய்விடும். அதனால் நோட்டைத் திறப்பதற்கு முன்பே, தோன்றிய எண்ணை அப்படியே எழுதிவிட வேண்டும். இந்தக் கணக்கு ஒரே மாதிரியான வேலைகளுக்குத்தான் பொருந்தும். கவிதையை மொழிபெயர்க்கக் கட்டுரையின் விகிதம் உதவாது, அதற்குத் தனிப் பக்கம் வேண்டும்.

உங்களிடம் நோட்டு இல்லாவிட்டாலும் பதிவு இருக்கிறது. நீங்கள் தேதி சொல்லி அனுப்பிய மின்னஞ்சல்களும், முடித்த கட்டுரையை இணைத்து அனுப்பிய மின்னஞ்சல்களும் உங்கள் பெட்டியிலேயே கிடக்கும். அவற்றிலிருந்து கடைசி எட்டு பத்துக் கட்டுரைகளை, சங்கடமானவற்றையும் விடாமல், ஒரு மாலையில் எடுத்து எழுதிவிடலாம். அடுத்த கட்டுரைக்கு நாள் கேட்டு வரும் கடிதத்துக்கு அதற்குப் பிறகு பதில் எழுதுங்கள்.

அன்புடன்.