எலும்புக் குளிசையும் காலைத் தேத்தண்ணியும்

“அம்மாவுக்கு 63 வயது. லயத்துப் படியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. கிளினிக்கில் வாரம் ஒன்றாக அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் தந்தார்கள். நெஞ்சு எரிகிறதாம். நிறுத்தலாமா? – ஹட்டன்”

முதலில் அம்மா அதை எப்படிக் குடிக்கிறார் என்று பாருங்கள். என் மாமியார் விடிய எழும்பி, தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டுக் குளிருக்குத் திரும்பப் படுத்துக்கொள்வார். அதுதான் கோளாறு. இந்தக் குளிசை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும். வெறும் வயிற்றில் குடித்தாலே உடம்பில் சேர்வது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தேத்தண்ணியோ பாலோ சேர்ந்தால் அதுவும் போச்சு.

எழும்பியதும் ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரில் முழுசாக விழுங்கட்டும், சப்பக்கூடாது. பிறகு அரை மணி நேரமாவது உட்காரலாம், நடக்கலாம், படுக்கக்கூடாது. அப்புறம் தேத்தண்ணி. கல்சியம் குளிசை இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

இப்படிக் குடித்தும் எரிந்தால், அல்லது விழுங்கும்போது வலித்தால், அடுத்த குளிசையைக் கொடுக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். ஊசி மருந்தும் உண்டு. மருந்தே வேண்டாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்: நின்ற உயரத்திலிருந்து விழுந்தே முறிந்த எலும்பு பலவீனமானது, அடுத்து முறிவது இடுப்பாக இருக்கலாம். அந்தப் படியின் பாசியையும் சுரண்டிவிடுங்கள்.