ஈபி ரசீதில் யார் பெயர்? வீட்டு சோலார் மானியம்: கேள்வி பதில்

மின்வாரியத்தில் பில் பிரிவிலேயே என் வேலைக்காலம் முழுவதும் போனது. ஓய்வு பெற்ற பிறகு தெருவில் நாலைந்து வீடுகளுக்கு, வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பிஎம் சூர்யா கர் திட்ட விண்ணப்பத்துக்கு உதவினேன். அதை வைத்துத்தான் இந்தப் பதில்கள். பேனல் தரம், கம்பெனி ஒப்பீடு எல்லாம் என் துறை அல்ல.

அப்பா பேரில்தான் சர்வீஸ். அவர் காலமாகி எட்டு வருஷம் ஆச்சு. பில் ஒழுங்கா கட்டுறேன். என் ஆதாரை வச்சு அப்ளை பண்ணலாமா? (ஆத்தூர்)

முதலில் பெயர் மாற்றம், அப்புறம் சோலார். இந்த வரிசையை மாற்றினால் பணம் கடைசிக் கட்டத்தில் நிற்கும்.

pmsuryaghar.gov.in தளத்தில் மாநிலம், மின்வாரியம், சர்வீஸ் நம்பர் கொடுத்ததும் ஈபி கணக்கில் உள்ள பெயர் வந்து நிற்கும். விண்ணப்பதாரர் அந்தப் பெயர்க்காரர்தான். மானியம் போகிற வங்கிக் கணக்கும் அவருடையதாக இருக்க வேண்டும். இறந்தவரின் கணக்கில் பணம் போட வழி ஏது?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது இது. அப்பாவின் சர்வீஸ் நம்பரையே கொடுத்து 3 கிலோவாட் போட்டார்கள். பேனல் ஏறியது, மின்சாரம் போவதையும் வருவதையும் அளக்கும் நெட் மீட்டர் வந்தது, ஈபியிலிருந்து வந்து பார்த்துப் போனார்கள். வங்கி விவரம் கேட்கிற இடத்தில் மகன் தன் பாஸ்புக்கைப் பதிவேற்றினார், நின்றுவிட்டது. அப்போதுதான் வாரிசுச் சான்றிதழுக்கே மனுப் போட்டார்கள். தங்கை வெளிநாட்டில். அவர் கடிதம் வந்து, பெயர் மாறி, பிறகு தளத்தில் திருத்தம் கேட்டு, ஏழு மாதம் ஓடியது. 78,000 ரூபாய் மானியத்தை நம்பி நகையை அடகு வைத்திருந்தார்கள். வட்டி தனி.

நீங்கள் செய்ய வேண்டியது: வீடு பாகப்பிரிவினையிலோ விடுதலைப் பத்திரத்திலோ ஏற்கெனவே உங்கள் பெயருக்கு வந்து, வீட்டு வரி ரசீதும் உங்கள் பெயரில் இருந்தால், அவற்றை வைத்துப் பெயர் மாற்றம் கேளுங்கள், வேலை சுலபம். அப்படி இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். அதற்குத்தான் நாள் ஆகும், ஆகவே அதை இன்றைக்கே தொடங்குங்கள்.

ஐயா, நீங்க பயமுறுத்துறீங்க. எங்க வீட்டு சர்வீஸ் என் பேர்ல இல்ல. நான்தான் எல்லாம் செஞ்சேன், 78,000 வந்துடுச்சே! (திருப்பூர்)

யார் பெயரில் இருந்தது, அவர் இருக்கிறாரா?

அம்மா பேர்ல. அம்மா நல்லா இருக்காங்க. அவங்க ஆதார், அவங்க பாஸ்புக்தான் கொடுத்தேன்.

அப்படிச் சொல்லுங்கள். விண்ணப்பம் அம்மாவுடையது, நீங்கள் கம்ப்யூட்டரில் தட்டினீர்கள். பெயர்க்காரர் உயிரோடு இருந்தால் அவர் பெயரிலேயே செய்து முடியுங்கள், மாற்றத் தேவையில்லை. ஆத்தூர்க்காரர் நிலைமை வேறு.

அண்ணன் சம்மதக் கடிதம் தர மாட்டேங்கிறார். சொத்து வழக்கு நடக்குது. பில் பத்து வருஷமா நான் கட்டுறேன், அது உரிமை ஆகாதா? (கும்பகோணம்)

பில் கட்டியது பில் கட்டியதற்குத்தான் அத்தாட்சி. உரிமை பற்றி உங்கள் வக்கீலைக் கேளுங்கள். வழக்கு உள்ள மாடியில் நான் என்றால் பேனல் ஏற்ற மாட்டேன்.

(திருப்பூர்க்காரர்) அவர் மாடியில் தனியா சர்வீஸ் வாங்கிட்டா?

புது சர்வீஸுக்கும் உரிமைப் பத்திரம் கேட்பார்களே! அண்ணன் அங்கேயும் ஆட்சேபிக்கலாம்.

(கும்பகோணம்) எங்க செக்‌ஷன்ல வேற மாதிரி சொன்னாங்க. உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தா பாக்கலாம்னு.

எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தையை நம்பி 2 லட்சம் செலவு செய்யாதீர்கள். இதற்கு மேல் எனக்குச் சொல்ல இல்லை.

ரசீதில் "கே. ராமசாமி", வங்கியில் "ராமசாமி கருப்பண்ணன்". பிரச்சினை வருமா? (கரூர்)

நம் ஊருக்கே உரிய தலைவலி. ஈபியில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் விரிவாக. பேனல் ஏறுவதற்கு முன் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ரசீது, ஆதார், பாஸ்புக். எழுத்துப் பிழை இருந்தால் அதையும். ரசீதில் பெயரைத் திருத்துவதுதான் பெரும்பாலும் சுலபம், செக்‌ஷன் ஆபீஸில் ஆதார் நகலுடன் கேளுங்கள். ஒரே ஆள் என்று அதிகாரி ஏற்றுக்கொண்டு விட்டதும் உண்டு, ஏற்காமல் திருப்பியதும் உண்டு.

மொத்தம் என்னென்ன பேப்பர் வேணும்? (பலர்)

சமீபத்திய ஈபி ரசீது, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் அல்லது ரத்து செய்த காசோலை, வீட்டு வரி ரசீது அல்லது பத்திரம். கடன் வாங்கினால் பான் கார்டும். மற்றதெல்லாம் பின்னால் வருபவை: கம்பெனியுடன் ஒப்பந்தம், பேனல் நம்பர்கள், பேனல் முன்னால் நீங்கள் நிற்கிற போட்டோ.

பதிவு செய்வது உங்கள் செல் நம்பரில். கம்பெனிப் பையன் "நானே பாத்துக்கிறேன்" என்று தன் நம்பரைப் போட்டுவிடுவான். அப்புறம் ஓடிபி, நிலவரம், மானியச் செய்தி எல்லாம் அவனுக்குத்தான் போகும்.

5 கிலோவாட் போட்டா மானியம் கூடுமா? (மதுரை)

கூடாது. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000. அத்துடன் 78,000-இல் நின்றுவிடும், 5 போட்டாலும் அதே. 3-க்குக் கீழே போகிறவர்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும். 550 வாட் பேனல் ஐந்து வைத்தால் 2.75 கிலோவாட்: 60,000-உடன் 13,500 சேர்த்து 73,500. பேனல், இன்வர்ட்டர் இரண்டில் எது சிறியதோ அதற்குத்தான் மானியம். 3.3 பேனலுக்கு 2 கிலோவாட் இன்வர்ட்டர் மாட்டிக்கொண்டால் 60,000தான்.

கம்பெனிக்காரர் மானியத்தை முதலிலேயே கழிச்சுத் தருவேன்கிறார். நல்லதுதானே? (சேலம்)

பணம் உங்கள் கணக்குக்கு வரவேண்டியது. அவர் கழித்துத் தருகிறேன் என்றால், வந்ததும் எனக்குத் திருப்பித் தா என்று ஏதாவது எழுதி வாங்குவார். வராமல் போனால் பாக்கி உங்கள் தலையில். அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். தளத்தில் உள்ள பதிவு பெற்ற கம்பெனிகளின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

விலை மலிவா ஒருத்தர் பேனல் தர்றார். போட்டுட்டு அப்புறம் அப்ளை பண்ணலாமா? (விருதுநகர்)

வேண்டாம். விண்ணப்பம் முதலில், பட்டியலில் உள்ளவர் மூலமாக. பேனலும் அதற்குள்ளிருக்கும் செல்லும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும், டிசிஆர் என்பார்கள். மலிவு பேனலில் அது பெரும்பாலும் இருக்காது, மானியமும் போகும்.

கரண்ட் போனா சோலார் ஓடுமா? (நாகர்கோவில்)

பேட்டரி இல்லாவிட்டால் ஓடாது. லைனில் வேலை செய்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று இன்வர்ட்டர் தானாக நின்றுவிடும். பேட்டரி சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு மானியம் இல்லை.

எங்க ரசீதுல லோடு 1 கிலோவாட்னு இருக்கு. 3 போட விடுவாங்களா? (தஞ்சாவூர்)

10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வில்லாமல் ஏற்க வேண்டும், தேவைப்பட்டால் லோடையும் கூட்ட வேண்டும் என்பது 2024-இல் வந்த மத்திய விதி. கூடுதல் டெபாசிட் கேட்பார்களா என்பது உங்கள் செக்‌ஷனைப் பொறுத்தது. ஒரு வீட்டில் கேட்டார்கள், இன்னொரு வீட்டில் கேட்கவில்லை. முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்க அடுக்குமாடியில் இருக்கோம். (சென்னை)

பொது விளக்கு, லிப்டுக்குச் சங்கம் பெயரில் கிலோவாட்டுக்கு 18,000 உண்டு. அதற்கு உங்கள் சங்கத்தின் தீர்மானம், ஒப்பந்தம் எல்லாம் வேறு பாதை. நான் அதில் ஒன்றுகூடச் செய்ததில்லை, 15555-இல் கேளுங்கள்.

அப்பா பேர்ல சர்வீஸ், அவர் இல்ல. என் ஆதார்ல அப்ளை… (புதுக்கோட்டை)

ஆத்தூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மாமனார் பேர்ல சர்வீஸ். அவர் காலமாகிட்டார். மாமியார்… (பழனி)

மேலே.