பிரெட்டும் பாலும் ஜோடிதானா? பில் கணக்கு பற்றிய கேள்விகள்

பிரெட் வாங்கியவர்களில் 60 சதவீதம் பேர் பாலும் வாங்கியிருக்கிறார்கள். இரண்டையும் அருகருகே அடுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். நீங்கள் அனுப்பிய 1,000 பில்களில் பிரெட் 200-இலும், பால் 700-இலும், இரண்டும் சேர்ந்து 120-இலும் இருக்கின்றன. எல்லா பில்களிலும் இந்த ஜோடியின் பங்கு 12 சதவீதம், அதுதான் சப்போர்ட். பிரெட் உள்ள பில்களில் பாலும் இருப்பது 60 சதவீதம், அது கான்ஃபிடன்ஸ். ஆனால் எந்த பில்லை எடுத்தாலும் பால் இருக்க 70 சதவீதம் வாய்ப்பு உண்டே! 60-ஐ 70-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் லிஃப்ட்: 0.86. இரண்டும் தற்செயலாகச் சேர்ந்தால் லிஃப்ட் 1 வரும், இங்கே அதற்கும் கீழே போய்விட்டது. அதாவது, பிரெட் வாங்குகிறவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே பால் வாங்குகிறார்கள். நன்றாக விற்கும் பொருள் எதனுடன் சேர்ந்தாலும் கான்ஃபிடன்ஸ் பெரிதாகத்தான் தெரியும்.

ஜாமுக்கும் பிரெட்டுக்கும் லிஃப்ட் 4. யாருக்கு எதை நினைவூட்டுவது?

லிஃப்டுக்குத் திசை கிடையாது. எந்தப் பக்கமிருந்து கணக்கிட்டாலும் 4தான். திசையைச் சொல்வது கான்ஃபிடன்ஸ். ஜாம் 50 பில்களில் இருக்கிறது, அவற்றில் 40-இல் பிரெட்டும் உண்டு: 80 சதவீதம். திருப்பிப் பார்த்தால், பிரெட் உள்ள 200 பில்களில் ஜாம் இருப்பது 20 சதவீதத்தில்தான். ஜாம் வாங்குகிறவர் பெரும்பாலும் பிரெட்டைத் தானே எடுத்துவிடுகிறார். ஆகவே பிரெட் அடுக்கின் பக்கத்தில் ஜாமை வைத்துப் பாருங்கள்.

ஒரு ஜோடிக்கு லிஃப்ட் 250 வந்திருக்கிறது!

இரண்டு பொருளும் தலா 2 பில்களில், சேர்ந்து ஒரே ஒரு பில்லில். அது தற்செயல். சப்போர்டுக்குக் குறைந்தபட்ச வரம்பு வைப்பது இதற்காகவும்தான்.

சலவைத் தூளுக்கும் உப்புக்கும் லிஃப்ட் 2.65. என்ன தொடர்பு?

தொடர்பே இல்லாமல் போகலாம். பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. உங்கள் 1,000 பில்களில் 200 மாதச் சாமான் பில்கள். மீதி 800 நாலைந்து பொருள் கொண்டவை. பெரிய பில்களில் தூள் 100-இல், உப்பு 100-இல், இரண்டும் 50-இல். பாதிக்குப் பாதி என்றால் தற்செயலாகவே 50 வரும், லிஃப்ட் 1. சிறிய பில்களில் தலா 40, சேர்ந்து 2. அங்கும் லிஃப்ட் 1. இரண்டு வகையையும் கலந்தால் மட்டும் தலா 140, சேர்ந்து 52 என்றாகி, லிஃப்ட் 2.65-ஆக எகிறுகிறது. இந்தப் பொருள்களை ஒன்றுசேர்த்தது பில்லின் நீளம்தான். எனவே பில்களை அளவு வாரியாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் லிஃப்ட் ஒன்றைத் தெளிவாகத் தாண்டும் ஜோடிகளை மட்டும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். சலுகையாக இரண்டையும் சேர்த்து விற்ற வாரங்களின் பில்களையும் தனியே எடுத்துவிடுங்கள். அங்கே ஜோடி சேர்த்தது நீங்களேதான்.