நீலத் தாளில் வெள்ளைக் கோடு: அது அனுமதி பெற்ற வரைபடமா?

கேள்வி: சென்னைப் புறநகரில் 30-க்கு 40 மனையில் கட்டி முடித்த தனி வீடு ஒன்றைப் பேசி வைத்திருக்கிறோம். தரகர் ‘ப்ளூ பிரிண்ட்’ என்று ஒரு தாள் கொடுத்தார். கரு நீலத்தில் வெள்ளைக் கோடுகளாக வீடு அழகாகத் தெரிகிறது, ஆனால் எழுத்து ஒன்றும் படிக்க முடியவில்லை. இதை நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் அலங்காரப் படம். எழுத்து தெளிவில்லாததைவிட அந்த நீல நிறமே என்னை அதிகம் சந்தேகப்பட வைக்கிறது.

நீலத் தாளில் வெள்ளைக் கோடு என்பது ஒரு காலத்தில் நகலெடுக்கும் முறை. 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த முறைப்படி இரும்பு உப்புகள் பூசிய தாளின் மேல் மூல வரைபடத்தை வைத்து வெயிலில் காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் பின்னர் நீலமாகும்; மைக்கோடு மறைத்த இடத்தில் பூச்சு மாறாமல் இருந்து, தண்ணீரில் கழுவும்போது கரைந்து போய் வெள்ளைத் தாள் வெளிப்படும். பிறகு வந்த அம்மோனியா பிரிண்ட் இதற்கு நேர்மாறாக, வெள்ளைத் தாளில் நீலக் கோட்டைத் தந்தது. இன்று அந்த இரண்டும் இல்லை. கணினியில் வரைந்து வெள்ளைத் தாளில் அச்சிடுகிறார்கள். பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. ஆகவே புதிதாகக் கட்டிய வீட்டுக்கு ஒருவர் உண்மையிலேயே நீல நிறத்தில் படம் காட்டினால், யாரோ அதை வேண்டுமென்றே நீலமாக்கியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். அப்படிப்பட்ட படங்களில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தைப் போன்ற கிறுக்கல் இருக்கும், அளவுக்கோடு இருக்கும், அளவு இருக்காது.

சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இத்தகைய தாளை என்னிடம் கொண்டுவந்தார். அவருடையதும் 30-க்கு 40 மனைதான். ஒரு சாதாரண ஸ்கேலை வைத்து அளந்தேன். மனை எல்லை என்று காட்டியிருந்த கோடு நீளத்திலும் அகலத்திலும் 18 சென்டிமீட்டர், அதாவது சதுரம். 30-க்கு 40 மனை எந்த அளவில் வரைந்தாலும் மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில்தான் வரவேண்டும். அடுத்து படிக்கட்டைப் பார்த்தேன். தரைத்தள வரைபடத்தில் படிக்கட்டைப் பாதியில் வெட்டிக் காட்டுவது வழக்கம் என்பதால் அங்கே எண்ணக் கூடாது. மேல்தளத்தில் எண்ணினேன், ஒன்பது படிகள் இருந்தன. பத்தடி உயரத்தை ஒன்பதால் வகுத்தால் ஒரு படி பதின்மூன்று அங்குலத்துக்கு மேல் வருகிறது. நாம் வழக்கமாக ஏறும் படி ஆறு, ஏழு அங்குலம்தான். போதாததற்கு, கீழே வீட்டின் வலது மூலையில் தொடங்கிய படிக்கட்டு மேலே இடது மூலையில் போய் முடிந்தது. இந்த மூன்றையும் நீங்களே வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம், பொறியாளர் தேவையில்லை. ஆனால் மூன்றும் சரியாக இருந்துவிட்டால் தாள் உண்மையானது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கெட்டிக்காரத் தரகர் நன்றாக வரைந்த படத்தையே கொடுப்பார்.

அனுமதி பெற்ற வரைபடத்தில் சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும் எழுத்தில் இருக்கும். மனையில் கட்டடம் எங்கே உட்காருகிறது, நாற்புறமும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதைக் காட்டும் மனைப்படம் இருக்கும்; தளவாரியாகப் பரப்பளவு அட்டவணை இருக்கும்; கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம் இருக்கும். உரிமையாளரும் பதிவுபெற்ற பொறியாளரும் கையெழுத்திட்டிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அனுமதி எண்ணும் தேதியும் இருக்கும். அந்த எண் இல்லாத தாள் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வெறும் தாள்தான்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நேர்மையான விற்பனையாளர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய வீடு என்றால் அசல் தாளே படிக்க முடியாததாக இருக்கலாம். அம்மோனியா பிரிண்ட் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும். தடித்த சுவர்க்கோடு நிற்கும், மெல்லிய எழுத்து முதலில் போகும். ஆனால் அந்தத் தாளின் முகமே வேறு. பின்னணி வெளிறிய வெள்ளையாக அல்லது பழுப்பாக இருக்கும், மடிப்புகளில் கிழிந்திருக்கும், புதிதாகக் கட்டவிருந்த சுவர்களில் கையால் சிவப்பு வண்ணம் தீட்டியிருப்பார்கள், அலுவலக முத்திரை வேறொரு மையில் இருக்கும். எழுத்து போன இடத்திலும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தடம் தெரியும். கோடுகள் கூர்மையாக இருந்து எழுத்து மட்டும் சுத்தமாகக் காணாமல் போயிருந்தால் அது வயதினால் வந்த குறை அல்ல. தாள் உண்மையிலேயே பழையதாக இருந்தால், உரிமையாளரே அனுமதி கொடுத்த அலுவலகத்தில் விண்ணப்பித்துச் சான்றிட்ட நகல் வாங்கித் தரவேண்டும். இதற்கு வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும் என்பதை நான் மறைக்கவில்லை. வீட்டு வரி எண்ணைத் தட்டினால் பாக்கியைக் காட்டத் தெரிந்த அரசுக்கு, பழைய அனுமதி எண்ணைத் தட்டியவுடன் அந்த வரைபடத்தை யாருக்கும் காட்ட மட்டும் ஏன் இத்தனை தயக்கம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

தரகர்களின் வழக்கமான தந்திரம் இன்னொன்று உண்டு, நீலப் படத்தைவிட அபாயமானது. “டிடிசிபி அப்ரூவ்டு சார்” என்று சொல்லி உண்மையான ஆவணத்தையே காட்டுவார்கள். அது நகர் ஊரமைப்பு இயக்ககம் மனைப்பிரிவுக்குக் கொடுத்த அனுமதி. நிலத்தை மனைகளாகப் பிரிக்கக் கொடுத்த அனுமதி அதன் மேல் கட்டிய வீட்டுக்குப் பொருந்தாது. வீட்டுக்குத் தனியாகக் கட்டட அனுமதி வேண்டும். பக்கத்து மனைக்கு வாங்கிய வரைபடத்தின் நகலில் மனை எண்ணை மாற்றி ஒட்டிக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். “எண் அடுத்த வாரம் வந்துவிடும், இப்போது டோக்கன் மட்டும் போடுங்கள்” என்பவரிடம், எண் வந்த பிறகு டோக்கன் போடுகிறேன் என்று சொல்லுங்கள். 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையம் வழியாகவே தமிழகத்தில் அனுமதி பெற முடிகிறது. அதன் பின் கட்டிய சிறிய வீட்டுக்கும் அனுமதி எண் கையில் இல்லை என்றால் காரணத்தைக் கேட்டே ஆகவேண்டும்.

எண் கிடைத்ததும், வரைபடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். ஒரு டேப் போதும். முன்புறம் சுற்றுச்சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தையும், இரு பக்கமும் விட்ட இடத்தையும், தளங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். வரைபடத்தில் ஐந்தடி என்றிருந்து நேரில் இரண்டரை அடி இருந்தால், அந்த மீறலோடு சேர்த்துத்தான் வீட்டை வாங்குகிறீர்கள். நாளைக்கு அறிவிப்பு வந்தால் பதில் சொல்வது நீங்கள், தரகர் அல்ல. வங்கியின் மதிப்பீட்டாளரும் இதையேதான் அளப்பார்.

வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின்கீழ் பதிவான திட்டத்தில் விற்பவர் விற்கிறார் என்றால், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க அவருக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. உங்களுடையது தனி வீடு என்பதால் அந்தப் பதிவு பெரும்பாலும் இருக்காது, அந்தப் பாதுகாப்பும் இருக்காது. அதனால் ஒப்பந்தத்திலேயே அனுமதி எண்ணையும் தேதியையும் எழுதச் சொல்லி, வரைபடத்தின் நகலை அதனுடன் இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் விற்பவரின் கையெழுத்தை வாங்கிய பிறகு பணத்தை எடுங்கள்.