வருகைப் பதிவேட்டைக் குறுக்காகப் படிப்பது – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். ஜூனில் 93 சதவீதமாக இருந்த வருகை பிப்ரவரியில் 86 சதவீதமாகிவிட்டது. எட்டாம் வகுப்பிலும் அதே கதைதான். வரும் வெள்ளிக்கிழமை மாலை ஆசிரியர் கூட்டம். கூட்டப் பொருளாக இவற்றை எழுதியிருக்கிறேன்: வருகைக் குறைவுக்கான காரணங்கள், மாணவர்களின் அக்கறையின்மை, பெற்றோருக்குக் குறுஞ்செய்தி, முழு வருகைக்குப் பரிசு, விழிப்புணர்வுப் பேரணி, நீண்ட நாள் வராதவர்களின் பெயர் நீக்கம், 9.20 மணிக்குக் கதவை மூடும் நடைமுறையைக் கடுமையாக்குவது, இதர பொருள்கள். மூத்த ஆசிரியர்கள் "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அவர்கள் மனம் கோணாமல் கூட்டத்தை எப்படித் தொடங்குவது? வரிசையில் எதை முதலில் வைப்பது?

பணிவுடன்,
ஒரு தலைமையாசிரியை

அன்புள்ள தலைமையாசிரியை அவர்களுக்கு,

மூத்த ஆசிரியர்களின் மனம் எப்படியும் கோணும். கோணட்டும். நாற்பது பிள்ளைகளின் பொறுப்பைச் சுமப்பவர்கள் ஒரு மாலை நேரம் கோணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அதுவல்ல. சதவீதக் கணக்கு இரண்டு எழுதியிருக்கிறீர்கள், எட்டுப் பொருள்கள் எழுதியிருக்கிறீர்கள். ஒரு பிள்ளையின் பெயர்கூட எழுதவில்லை. எனக்கு எழுத வேண்டாம், சரிதான். ஆனால் உங்கள் கூட்டப் பொருளிலாவது இருக்கிறதா?

சதவீதம் என்ன செய்யும் என்பதை உங்கள் எட்டாம் வகுப்பை வைத்தே பார்ப்போம். வகுப்பில் நாற்பது பேர், மாதத்தில் இருபது வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 800 நாள் வருகை இருக்க வேண்டும். 86 சதவீதம் என்றால் 688 வந்திருக்கிறது, 112 வரவில்லை. இந்த 112 நாற்பது பேருக்கும் சமமாகப் பரவியிருந்தால் ஆளுக்கு மூன்று நாள்கூட இல்லை. காய்ச்சல், மாமா வீட்டுக் கல்யாணம், ஊர்த் திருவிழா. அதற்குக் கூட்டமே வேண்டாம். ஆனால் உங்கள் மாவட்டத்தில் பிப்ரவரி மாதம் அப்படிப் பரவுவதில்லை. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மூன்று பேர் மாதம் முழுக்க வரவில்லை, அது 60. ஐந்து பேர் ஆளுக்கு ஏழு நாள் வரவில்லை, அது 35. மீதி 32 பேருக்கும் சேர்த்து 17. கூட்டிப் பாருங்கள், 112 வந்துவிடும்.

இப்போது அந்த மூவரை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். 37 பேர், 740 நாள், வந்தது அதே 688. சதவீதம் 93. உங்கள் ஜூன் மாதம் திரும்பி வந்துவிட்டது! உங்கள் வகுப்பின் கணக்கு அச்சாக இப்படியே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "பள்ளியின் வருகை குறைகிறது" என்று நாம் சொல்லும்போது பல சமயம் உண்மையில் நடந்திருப்பது, மூன்று குடும்பங்கள் ஊரைவிட்டுப் போனதுதான். முப்பத்திரண்டு பேரிடம் எந்த மாற்றமும் இல்லை. நீங்களோ அக்கறையைப் பற்றிய உரையை அந்த முப்பத்திரண்டு பேருக்குத்தான் நிகழ்த்தப்போகிறீர்கள், ஏனென்றால் அவர்கள்தான் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் ஒரு விபரீதமும் இருக்கிறது. சதவீதத்தைச் சரிசெய்ய மிக எளிய வழி, அந்த மூன்று பெயர்களை அடித்துவிடுவது. "பெயர் நீக்கம்" என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பொருளைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான பொதுத் தொகுப்புக்குத் தள்ளிவிட்டால் வகுப்பு சுத்தமாகிவிடும், மேலிடத்துக்கு 93 போகும், எல்லோரும் நிம்மதியாகிவிடலாம். அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக் கணக்கிலும் இல்லாமல் போவார்கள். பெயர் இருக்கும்வரைதான் யாராவது "எங்கே அவன்?" என்று கேட்க முடியும்.

பொங்கல் முடிந்ததும் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் செங்கல் சூளைக்குப் போகிறவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பணம் வாங்கியிருப்பார்கள். மழைக்காலம் தொடங்கும்வரை திரும்ப மாட்டார்கள். கணவன், மனைவி, கல் திருப்பிப்போடும் வயதில் ஒரு பிள்ளை, மூவரும் சேர்ந்தால்தான் கடன் கழியும். இதை "அக்கறையின்மை" என்று எழுதுகிறவருக்கு அந்த முன்பணம் எவ்வளவு என்றாவது தெரியுமா?

பிப்ரவரியில் கூட்டம் போட்டு அவர்களுக்காகப் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. கூட்டம் நடந்திருக்க வேண்டியது டிசம்பரில், அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால். அப்போது வகுப்பாசிரியர் சாதாரணமாகக் கேட்டிருந்தால் பிள்ளைகளே சொல்லியிருப்பார்கள், "பொங்கலுக்கப்புறம் நாங்கள் சூளைக்குப் போகிறோம், சார்." பாட்டியோடு ஊரில் விட்டுவிட்டுப் போக முடியுமா, நல விடுதியில் காலியிடம் இருக்கிறதா என்று அப்போது பேச இடமிருந்தது. இப்போது மிச்சமிருப்பது ஒன்று. எந்தச் சூளை, எந்த ஊர் என்று உறவினரிடம் கேட்டு, அருகிலுள்ள அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரை நீங்களே தொலைபேசியில் அழைப்பது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை பள்ளி மாறும் உரிமையைத் தருகிறது. மாற்றுச் சான்றிதழ் வர தாமதமானது என்பதைக் காட்டி அங்கே சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொல்கிறது. சட்டம் சொல்கிறதே தவிர, சூளைக்கும் பள்ளிக்கும் நடுவே இருக்கும் நெடுஞ்சாலையைச் சட்டம் கடந்துவிடாது. பாதிப் பேருக்கு இது நடக்காது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு வயதும் தாண்டியிருக்கும்.

சரி, ஆளுக்கு ஏழு நாள் வராத அந்த ஐந்து பேருக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை நீங்கள் பேச வேண்டியது இவர்களைப் பற்றித்தான்.

வருகைப் பதிவேட்டை ஆசிரியர்கள் மேலிருந்து கீழாகத்தான் பார்க்கிறார்கள். இன்று எத்தனை பேர், சத்துணவுக்கு எத்தனை, செயலியில் ஏற்ற எத்தனை. குறுக்காக, ஒரு பெயருக்கு எதிரே மாதம் முழுக்க என்ன இருக்கிறது என்று படிப்பவர் அபூர்வம். எனக்கு அப்படி ஒரு கணக்கு வாத்தியார் வாய்த்தார். எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை மாட்டுச்சந்தை. அப்பா அங்கே கயிறு விற்றார். தும்புக்கயிறு, மூக்கணாங்கயிறு, சாட்டை எல்லாம். அவர் விலை பேசும்போது கட்டுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அது நான். பள்ளியில் எனக்குச் சோம்பேறி என்று பெயர். புதிதாக வந்த இந்த வாத்தியார் என் பெயரின் மேல் அடிக்கோலை வைத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். விடுப்பு எல்லாம் செவ்வாய். அடுத்த வாரம் சந்தைக்கே வந்தார். அப்பாவிடம் கல்வியின் பெருமை எதையும் பேசவில்லை. "மாடு பிடிக்கிற வியாபாரம் எத்தனை மணிக்கு முடியும்?" என்று மட்டும் கேட்டார். உச்சிவெயிலுக்கு முன்னால் கூட்டம் கலைந்துவிடும் என்றார் அப்பா. "அப்படியானால் மதியச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிடுங்கள், கணக்குப் பாடத்தை நான் மதியத்துக்கு மாற்றிக்கொள்கிறேன்." மாற்றியும் விட்டார். போகும்போது வீட்டுப் பசுவுக்கு ஒரு கயிறு வாங்கினார், பேரம் பேசித்தான்.

அவர் செய்ததை உங்கள் ஆசிரியர்களும் செய்யலாம். வகுப்பாசிரியர் ஒவ்வொருவரும் பதிவேட்டோடு வரட்டும். மாதத்தின் வேலை நாள்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராதவர்களின் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளட்டும். அமெரிக்காவில் நாள்பட்ட விடுப்பு என்று ஓராண்டுக்குக் கணக்கெடுக்கும் எல்லையும் அதே பத்தில் ஒரு பங்குதான். இருபது நாளில் இரண்டு. ஒவ்வொரு பெயரையும் குறுக்காகப் படியுங்கள். ஒரே கிழமையாக வந்தால் சந்தையோ, வாரச் சம்பள நாளோ. மாதா மாதம் சேர்ந்தாற்போல் மூன்று நாள், எட்டாம் வகுப்புப் பெண் என்றால், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, உள்ளே தண்ணீர் வருகிறதா என்று போய்ப் பாருங்கள். பெற்றோரை அழைக்க வேண்டாம். முற்பகல் மட்டும் விடுபட்டிருந்தால் அந்தப் பிள்ளை வீட்டில் ஒரு சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் உடம்புதான் பெரும்பாலும்.

பெயருக்கு எதிரே "காரணம்" என்று ஒரு கட்டம் போடாதீர்கள். போட்டால் எல்லாக் கட்டத்திலும் அந்த அக்கறையின்மையே வந்து உட்காரும். "கடைசியாக இந்தப் பிள்ளையிடம் பேசியவர் யார்?" என்று கட்டம் போடுங்கள். முதல் கூட்டத்தில் பல கட்டங்கள் காலியாக இருக்கும். மூத்த ஆசிரியர்கள் அப்போது பேச மாட்டார்கள். ஆசிரியருக்கு இரண்டு பெயருக்கு மேல் கொடுக்காதீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த இரண்டு பெயரைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

குறுஞ்செய்தி அனுப்புங்கள், தடையில்லை. ஆனால் அனுப்பும் எண் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன அப்பாவின் எண்ணா, பக்கத்து வீட்டுக்காரர் எண்ணா, செத்துப்போன எண்ணா என்று ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

பரிசு வேண்டாம். வந்துகொண்டிருப்பவர்களுக்கே அது போகும், காய்ச்சலோடு வருகிறவனுக்கும் போகும். கலிபோர்னியாவில் சோதித்துப் பார்த்தார்கள், முன்னறிவிப்பின்றி முழு வருகைக்கு விருது பெற்ற பிள்ளைகள் அதற்குப் பிறகு சற்றுக் குறைவாகவே வந்தார்கள். பேரணியும் வேண்டாம். பதாகை பிடித்து நடக்கப்போவது நாள் தவறாமல் வரும் அந்த முப்பத்திரண்டு பேர்தான், அவர்களுக்கு அன்று ஒரு பாடவேளை போகும்.

"இதர பொருள்கள்" என்பதையும் எடுத்துவிடுங்கள். அங்கேதான் கூட்டங்கள் எல்லாம் போய் ஒதுங்குகின்றன.

அந்தக் கதவு. ஊரிலிருந்து வரும் டவுன் பஸ் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று பார்த்தீர்களா? 9.25க்கு வந்து இறங்குகிற பிள்ளை மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறான், ஐந்து நிமிடத் தாமதம் ஒரு நாள் விடுப்பாகிறது. இதற்கு வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே திறந்து வையுங்கள், தாமதமாக வருபவர் பெயரை உள்ளே வந்தபிறகு எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்.