மினிமம் கட்டியும் பாக்கி ஏன் ஏறுகிறது? கிரெடிட் கார்டு வட்டி: கேள்வி பதில்

வங்கியின் கார்டு பிரிவில் பல வருடம் வேலை பார்த்த உறுப்பினர் பதில் சொல்கிறார்.

திருப்பூரிலிருந்து: ஜூன் 5 அன்று 50,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் வாங்கினேன். 15ஆம் தேதி பில் வந்தது. கெடு ஜூலை 5. அன்றைக்கே மினிமம் 2,500 கட்டிவிட்டேன். வேறு எதுவும் வாங்கவில்லை. ஜூலை பில்லில் 50,182 என்று இருக்கிறது. தப்புக் கணக்கா?

கணக்கு சரிதான். உங்கள் கார்டுக்கு மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42 சதவீதம் வட்டி என்று தெரிகிறது. அது நாள் கணக்கில் ஓடும். ஃப்ரிட்ஜ் வாங்கிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டிய நாள் வரை 30 நாள், முழு 50,000க்கு:

```
50,000 × 30 × 0.42 ÷ 365 = 1,726
```

அதற்கப்புறம் பில் தேதி வரை 10 நாள், மீதி 47,500க்கு 547 ரூபாய். இரண்டும் சேர்ந்து 2,273. இந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அது 409. ஆக மொத்தம் 2,682. நீங்கள் கட்டியது 2,500, ஏறியது 2,682. பில்லின் இரண்டாம் பக்கத்தில் வட்டியும் ஜிஎஸ்டியும் தனித்தனி வரியாக இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள்.

மதுரையிலிருந்து: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கட்டாத தொகைக்கு மட்டும்தான் வட்டி என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறதே? 2,500 கட்டியாயிற்று, 47,500க்குத்தானே போட வேண்டும்?

பாதி சரி. கட்டிய பணத்தைக் கழித்துவிட்டு, நிற்கும் பாக்கிக்குத்தான் வட்டி போட வேண்டும். ஜூலை 5க்குப் பிறகு அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தைய 30 நாளும் நின்றது 50,000 அல்லவா? அந்த நாட்களுக்கு வட்டி இல்லை என்ற சலுகை, பில்லில் உள்ள மொத்தத் தொகையையும் கெடுவுக்குள் கட்டுகிறவருக்கு மட்டும்தான். ஒரு பகுதி நின்றாலும் சலுகை போய்விடும், வட்டி வாங்கிய நாளிலிருந்தே ஓடும்.

இந்தக் கணக்கில் கட்டியதை எந்த நாளிலிருந்து கழிக்கிறார்கள் என்பதில் வங்கிக்கு வங்கி நடைமுறை மாறலாம். கார்டோடு கொடுக்கும் முக்கிய விதிமுறைகள் ஆவணத்தில் வட்டி எப்படிப் போடுகிறார்கள் என்று ஒரு மாதிரிக் கணக்கு இருக்கும். உங்கள் பில்லை அதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அதைக் காட்டி எழுத்தில் கேளுங்கள்.

திருப்பூரிலிருந்து மறுபடியும்: சரி, இப்படியே மினிமம் கட்டிக்கொண்டு போனால் எப்போது முடியும்?

மினிமத்தை எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மொத்தப் பாக்கியில் 5 சதவீதம் என்றால், ஜிஎஸ்டி சேர்ந்த வட்டி மாதம் 4.13 சதவீதம், நீங்கள் கட்டுவது 5. முதல் பில்லில் மட்டும் வாங்கிய நாளிலிருந்து வட்டி சேர்ந்ததால் பாக்கி ஏறியது. இரண்டாவது மாதத்திலிருந்து இறங்கும், ஆனால் மாதம் 500, 600 ரூபாய்தான். ஒரு வருடத்தில் 28,000க்கு மேல் கட்டியிருப்பீர்கள், பாக்கி 44,500 பக்கத்தில் நிற்கும்.

மினிமம் கட்டியும் பாக்கி ஏறிக்கொண்டே போகும் நிலை இருக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டது. அதனால் வட்டியையும் வரியையும் முழுசாக வாங்கிக்கொண்டு, அசலில் 2 சதவீதமோ 5 சதவீதமோ சேர்த்து மினிமம் போடும் கார்டுகளும் இருக்கின்றன. 2 சதவீதம் என்றால் உங்கள் இரண்டாவது பில்லில் மினிமமே 3,600 தாண்டும், அதில் அசலுக்குப் போவது 950தான். அசல் பாதியாகவே மூன்று வருடத்தை ஒட்டி ஆகும்.

சேலத்திலிருந்து: எங்கள் வீட்டில் மளிகைக்கு மாதம் 3,000 மட்டும்தான் கார்டில் தேய்க்கிறோம். மினிமம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, ஆட்டோ டெபிட் போட்டிருக்கிறது. ஆனாலும் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். கார்டு பிரிவில் நான் பார்த்த பெரும்பாலான பெரிய பாக்கிகள் இப்படித்தான் வளர்ந்தன. பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லா நாள் கிடையாது. கடையில் கார்டைத் தேய்த்த நாளிலிருந்தே அந்த மளிகைக்கும் 42 சதவீத வட்டி.

மேலே சொன்ன 50,000 பாக்கியையே எடுத்துக்கொள்வோம். 5 சதவீத மினிமம் கட்டினால் மாதம் 500 சொச்சம் இறங்கும், மளிகை 3,000 ஏறும். நிகரமாக மாதம் 2,500 ஏறுகிறது. வருடக் கடைசியில் 78,000ஐ நெருங்கிவிடும். மினிமம் தவறாததால் தாமதக் கட்டணம் வராது, வசூல் பிரிவிலிருந்து ஃபோனும் வராது. அதனால் வீட்டில் யாருக்கும் உறைக்காது.

இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். மளிகைக்கு யுபிஐயோ ரொக்கமோ, கார்டு வேண்டாம். அப்புறம் வங்கிச் செயலியில் ஆட்டோ டெபிட் அமைப்பைத் திறந்து பாருங்கள். Minimum Amount Due என்று இருந்தால், பழைய பாக்கி தீர்ந்ததும் Total Amount Due என்று மாற்றிவிடுங்கள். கார்டு வாங்கும்போது படிவத்தில் போட்ட டிக் பலருக்கு நினைவிலேயே இருக்காது.

திருச்சியிலிருந்து: மினிமம் பேலன்ஸ் வைக்கவில்லை என்று என் கணக்கில் பணம் பிடித்துவிட்டார்கள். அதற்கும் 42 சதவீதமா?

இல்லை. நீங்கள் சொல்வது சேமிப்புக் கணக்கில் வைக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பு. அதற்கு அபராதம் மட்டும்தான், கார்டு வட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

சென்னையிலிருந்து: 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று கோர்ட் சொன்னதாகப் படித்தேன். அதைக் காட்டிக் கேட்கலாமா?

2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படிச் சொன்னது உண்மை. அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இப்போது அதைக் காட்டிப் பயனில்லை.

திருப்பூரிலிருந்து: பாக்கியை இஎம்ஐயாக மாற்றச் சொல்லி வங்கியிலிருந்து கூப்பிடுகிறார்கள். வீட்டில் நகை வைக்கலாம் என்கிறார்கள். எது நல்லது?

இஎம்ஐயாக மாற்றினால் வட்டி 42இலிருந்து பெரிதும் இறங்கும். ஆனால் செயலாக்கக் கட்டணம் உண்டு, இஎம்ஐ வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு. ஃபோனில் சொல்லும் மாத விகிதத்தை 12ஆல் பெருக்கி, அசல் குறையக் குறைய வட்டியும் குறையுமா என்று கேளுங்கள். முழுப் பாக்கியும் இஎம்ஐக்குள் வர வேண்டும். கொஞ்சம் வெளியே நின்றாலும் அதற்குப் பழைய வட்டிதான், புதிதாக வாங்குவதற்கும் சலுகை கிடைக்காது.

வட்டியை மட்டும் பார்த்தால் வங்கி நகைக்கடன் இதைவிடக் குறைவாகவே வரும்.

மதுரையிலிருந்து: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் தங்கை நகை வைத்துக் கார்டை அடைத்தாள். ஆறே மாதத்தில் கார்டு மறுபடி நிரம்பியது, நகையும் பேங்கில். நகையைத் தொடவே கூடாது.

உங்கள் தங்கைக்கு நடந்ததை நானும் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். வட்டிக் கணக்கில் நகைக்கடன்தான் மலிவு என்பது மாறாது. ஆனால் காலியான லிமிட் கையில் இருக்கும்போது கார்டைத் தொடாமல் இருப்பது எல்லோருக்கும் கைகூடாது. திருப்பூர்க்காரர் நகை வைப்பதாக இருந்தால், பாக்கியைக் கட்டிய அன்றைக்கே லிமிட்டை 10,000க்குக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிடட்டும். அது முடியாதென்று தோன்றினால், செலவு கொஞ்சம் கூடினாலும் இஎம்ஐக்குப் போகட்டும்.