நான் போட்ட ஷீட், அவர் பெயரில்

"சார், திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்சண்டைசராக இருக்கிறேன். ஐந்து வாரம் உட்கார்ந்து நான் தயாரித்த காஸ்டிங் ஷீட்டை, கூட வேலை பார்ப்பவர் தான் செய்ததாக நிர்வாகக் கூட்டத்தில் காட்டிவிட்டார். காப்பிரைட் கேஸ் போடலாமா?"

கேஸ் வேண்டாம். சம்பளத்துக்குச் செய்த வேலைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவின்படி நிறுவனம்தான் உரிமையாளர். ஆனால் உருவாக்கியவர் நீங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆவது பிரிவு தனியாக வைத்திருக்கிறது. அதுவும் நீங்கள் போட்ட ஷீட்டுக்குத்தான். நூல் விலை, நிட்டிங், டையிங், பிராசஸ் லாஸ் என்று கணக்கு போடும் முறை யாருக்கும் சொந்தமில்லை. உங்களுக்கு வேண்டியது அப்ரைசலுக்கு முன்னால் ஒரு எழுத்துப் பதிவு, அவ்வளவுதானே?

முதலில் ஆதாரம். எக்செலில் File > Info போனால் Author என்று ஒரு பெயர் வரும், அதைப் பார்த்ததும் குதிக்காதீர்கள், பழைய ஷீட்டைத் திறந்து அதன்மேல் வேலை செய்திருந்தால் அந்தப் பழைய ஆளின் பெயரே அங்கே நிற்கும். அதைவிட உறுதியானது, ஷீட்டை நீங்கள் அவருக்கு அனுப்பிய மெயில். தேதியும் நேரமும் சர்வரிலேயே இருக்கிறது.

அப்புறம் மேலாளருக்கு மட்டும் ஒரு மெயில், இப்படி:

"மார்ச் 12ஆம் தேதிக் கூட்டத்தில் காட்டப்பட்ட காஸ்டிங் ஷீட்டை ஜனவரி 20 முதல் பிப்ரவரி 25 வரை நான் தயாரித்தேன். கூட்டத்தில் அதைக் காட்டியவருக்கு பிப்ரவரி 26ஆம் தேதி நான் அனுப்பிய மெயிலை இணைத்துள்ளேன். டையிங் ரேட்களைச் சேகரித்துத் தந்தது அவர். என் மதிப்பீட்டில் இந்த வேலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்."

டையிங் ரேட் வரியை எடுத்துவிடத் தோன்றும், எடுக்காதீர்கள். அவர் செய்த பங்கை நீங்களே சொல்லிவிட்டால், நாளைக்கு "நானும்தான் செய்தேன்" என்று அவர் வரும்போது மேலாளருக்கு அது புதுச் செய்தியாக இருக்காது. "திருடினார்", "ஏமாற்றினார்" என்ற சொற்கள் மட்டும் வேண்டவே வேண்டாம், அதுவும் ஆபீஸ் முழுக்க சிசி போட்டு. பாரதிய நியாய சன்ஹிதா 356ஆவது பிரிவில் அவதூறு குற்றம். நல்லெண்ணத்தில், உரிய அதிகாரியிடம் சொல்லும் புகாருக்கு அதில் விலக்கு உண்டு, எல்லோருக்கும் அனுப்பினால் அந்த விலக்கைக் கேட்பது சிரமம். என்னிடம் வந்த ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்குக் கோபத்தில் அப்படி ஒன்றை அனுப்பிவிட்டு, கடைசியில் அவரே மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

ஒரு வாரம் பதில் இல்லையென்றால், அதே மெயிலின் மேலேயே "பார்த்தீர்களா சார்?" என்று ஒரு வரி. அதற்கும் பதில் இல்லையென்றால் அதை அப்படியே எச்.ஆருக்கு அனுப்புங்கள். ஆதாரத்துக்கு என்று ஷீட்டை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். அதில் பையர் விலை இருக்கிறது. வேலையில் சேரும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், புகார் உங்கள் மேல் திரும்பிவிடும்.